சிறிய அலுவலகத்தில் உங்களைப் பற்றி வதந்தி பரவினால்: எதை முதலில் செய்வது, எதைச் செய்யாமல் இருப்பது

பன்னிரண்டு பேர் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் நான் இருந்தபோது நடந்தது இது. சில்லறைச் செலவுப் பணத்தை நான்கு ஆண்டுகளாகக் கையாண்டுவந்த ஒரு பெண் ஊழியரிடமிருந்து, ஒரு திங்கட்கிழமை காலை, பணப்பெட்டியின் சாவி வேறொருவர் கைக்கு மாறியது. அதே வாரம் புதன்கிழமை மேலாளர் அவரைத் தம் அறைக்கு அழைத்து, கதவைச் சாத்திக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினார். வியாழக்கிழமை மதியத்துக்குள், ‘பணத்தில் கை வைத்துவிட்டாராம்’ என்ற பேச்சு எல்லா மேசைகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

பணத்தைக் கொடுப்பவரும் அதற்குக் கணக்கு எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்று தணிக்கையாளர் சொல்லியிருந்ததுதான் சாவி மாறியதற்கு உண்மையான காரணம். மூடிய அறையில் பேசப்பட்டது, தாயாரின் அறுவைச் சிகிச்சைக்காக அவர் கேட்டிருந்த நீண்ட விடுப்பைப் பற்றி. இந்த இரண்டும் மேலாளரையும் அவரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சைக் காதில் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்தவர்களில் நானும் ஒருவன். பிறகு அவரே என்னிடம் வந்து பேசியதால், அடுத்த ஆறு வாரங்களில் அவர் செய்ததையும் செய்யத் தவறியதையும் அருகிலிருந்து பார்க்க நேர்ந்தது. கீழே சொல்லப்படுபவை பெரும்பாலும் அதிலிருந்து கற்றவை.

அலுவலகப் பேச்சுகளில் பல வகை உண்டு. இங்கே நான் முதன்மையாக எடுத்துக்கொள்வது, எல்லோரும் கண்ணால் கண்ட ஏதோ ஒரு நிகழ்ச்சியிலிருந்து முளைத்து, உங்கள் நேர்மையையோ வேலையையோ சந்தேகத்துக்கு உள்ளாக்கும் பொய்யான செய்தியை மட்டுமே. சிறிய இடங்களில் அதிகச் சேதம் விளைவிப்பது இந்த வகைதான். மற்ற வகைகளைப் பற்றிக் கடைசியில் சிறிது சொல்கிறேன்.

இடம் சிறியது என்பதால் மாறுபவை

பன்னிரண்டு பேரில் இருவர் இருவராகச் சேர்ந்து பேசக்கூடிய இணைகளைக் கணக்கிட்டால் 66 வரும். ஆகவே ஒரு செய்தி எல்லோரையும் எட்ட இரண்டு நாள் போதும். நீங்கள் ஒருவரிடம் ரகசியமாகச் சொல்லும் மறுப்பும் அதே வேகத்தில், அதே அளவு திரிந்து, எல்லோரையும் எட்டும். தனி மனிதவளப் பிரிவு இருக்காது. முறையீட்டைக் கேட்பவர், வேலையைப் பங்கிடுபவர், ஊதிய உயர்வைத் தீர்மானிப்பவர் எல்லாம் ஒரே ஆளாக இருப்பார். வதந்தியைப் பரப்பியவர் நாளையும் உங்களுக்கு அடுத்த நாற்காலியில்தான் உட்காருவார் என்பதால், அவரை வென்றாக வேண்டும் என்ற நோக்கத்தோடு இதில் இறங்கினால் அந்த வெற்றியோடு நீங்கள் தினமும் எட்டு மணி நேரம் வாழ வேண்டியிருக்கும்.

முதல் படி: கேட்ட அன்றே எழுதி வையுங்கள், யாரிடமும் பேசாதீர்கள்

கேட்ட கணத்தில் நெஞ்சு படபடக்கும், காது சூடாகும், உடனே யாரையாவது பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றும். அந்த முதல் நாளில் பேசுவது எதுவும் உதவாது. அதற்குப் பதிலாக, அலுவலகக் கணினியில் அல்லாமல் சொந்தக் குறிப்பேட்டில், மூன்று செய்திகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: உங்கள் காதில் விழுந்த சொற்கள் அப்படியே, அவற்றை உங்களிடம் சொன்னவரும் சொன்ன நாளும், அதிலிருந்து நீங்களாக ஊகித்துக்கொண்டவை.

இந்த மூன்றாவதைப் பிரித்து எழுதுவதில்தான் பயன் இருக்கிறது. அந்தப் பெண் ஊழியர் எழுதியபோது, அவருக்கு உண்மையில் தெரிந்தது ஒரே ஒரு வரிதான் என்பது புரிந்தது: ‘சாவியை ஏன் வாங்கினார்கள் தெரியுமா, ஏதோ கணக்கு இடிக்கிறதாம்’ என்று ஒருவர் இன்னொருவரிடம் கேட்டதாக மூன்றாமவர் சொன்னார். ‘எல்லோரும் என்னைத் திருடி என்று நினைக்கிறார்கள்’, ‘மேலாளரும் நம்பிவிட்டார்’, ‘இதைக் கிளப்பியவர் இன்னார்தான்’ ஆகிய மூன்றும் அவருடைய ஊகங்கள். இந்த மூன்றையும் உண்மை என்று வைத்துக்கொண்டு அவர் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதைக் கொஞ்சம் பார்க்கவும் முடிந்தது. ஏனென்றால் இப்படி எழுதிப் பார்ப்பதற்கு முன்பே, வெள்ளிக்கிழமை காலை, தண்ணீர் பிடிக்கும் இடத்தில் தாம் சந்தேகப்பட்டவரை நிறுத்தி, ‘இதை ஆரம்பிச்சது நீங்கதானே?’ என்று அவர் குரலை உயர்த்திக் கேட்டுவிட்டார். கேட்கப்பட்டவர் இல்லை என்றார். சுற்றி நின்ற நால்வர் அதைக் கேட்டனர். மாலைக்குள் ‘ஒன்றும் இல்லை என்றால் இவருக்கு ஏன் இவ்வளவு கோபம்?’ என்ற இரண்டாவது கதை பிறந்தது. யார் தொடங்கினார் என்று தேடுவது சிறிய அலுவலகத்தில் எளிதாகத் தோன்றும். ஆனால் யாருமே ‘நான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், ‘நான் கேள்விப்பட்டேன்’ என்றுதான் சொல்வார்கள். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஒருவர் கேள்வியாகக் கேட்டதை அடுத்தவர் ஊகமாகவும் அதற்கடுத்தவர் செய்தியாகவும் மாற்றியிருப்பார். அப்படிப்பட்ட சங்கிலியில் தொடக்கப்புள்ளி என்று ஒருவரைக் கைகாட்ட முடியாது.

இரண்டாம் படி: எந்த விடையில்லாக் கேள்வியிலிருந்து இது முளைத்தது என்று பாருங்கள்

கோர்டன் ஆல்போர்ட், லியோ போஸ்ட்மன் என்ற உளவியலாளர்கள் 1947-இல், ஒரு வதந்தியின் வலிமை இரண்டு காரணிகளின் பெருக்கல் என்று சொன்னார்கள்: அந்த விஷயம் கேட்பவருக்கு எவ்வளவு முக்கியம், அதைப் பற்றிக் கிடைக்கும் தகவல் எவ்வளவு தெளிவற்றது. இது துல்லியமான கணிதம் அல்ல என்றாலும், இரண்டில் ஒன்று பூச்சியத்துக்கு வந்தால் வதந்தி நிற்கும் என்ற கருத்து நடைமுறையில் மிகவும் உதவுகிறது. அலுவலகப் பணம், வேலை நிலைப்பு, பதவி உயர்வு ஆகியவற்றின் முக்கியத்துவத்தை உங்களால் குறைக்க முடியாது. தெளிவின்மையைக் குறைக்க முடியும்.

ஆகவே, கடந்த இரண்டு வாரங்களில் எல்லோரும் பார்த்த, ஆனால் யாரும் விளக்காத மாற்றம் எது என்று தேடுங்கள். பொறுப்பு மாறுவது, மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் பேச்சு, திடீர் விடுப்பு, ஒரு கூட்டத்துக்கு உங்களை மட்டும் அழைப்பது அல்லது அழைக்காதது, இருக்கை மாற்றம் ஆகியவற்றில் ஒன்றுதான் பெரும்பாலும் விதையாக இருக்கும். எங்கள் அலுவலகத்தில் இரண்டு விதைகள் இருந்தன: சாவியும், மூடிய கதவும். ஒவ்வொன்றும் தனியாக நிகழ்ந்திருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மூன்று நாட்களுக்குள் இரண்டும் ஒரே ஆளுக்கு நடந்ததும், இரண்டையும் சேர்த்து விளக்கும் ஒரு கதை தேவைப்பட்டது. கிடைத்த கதை திருட்டு.

மூன்றாம் படி: தலையிட வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள்

எல்லாப் பேச்சுக்கும் பதில் தேவையில்லை. உங்கள் உடை, உங்கள் திருமணம், நீங்கள் யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்பது போன்றவை பெரும்பாலும் ஒரு வாரத்தில் அடுத்த செய்திக்கு இடம்விட்டு நகர்ந்துவிடும். நீங்கள் விளக்கம் கொடுத்தால்தான் அவற்றுக்கு ஆயுள் கூடும். ஆனால் அந்தப் பேச்சினால் ஒருவராவது தம் நடத்தையை மாற்றிக்கொண்டிருந்தால் தலையிட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று நான் கருதுகிறேன். நான்கு ஆண்டுகளாகப் பணத்தை எண்ணாமல் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போன ஒரு மூத்த ஊழியர், அந்த வெள்ளிக்கிழமை, பழைய ரசீது ஒன்றுக்கான மீதித் தொகையை அந்தப் பெண் ஊழியரின் மேசைக்கு முன்னாலேயே நின்று நோட்டு நோட்டாக எண்ணினார். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த எண்ணுதல்தான் வதந்தி வேலைக்குள் நுழைந்துவிட்டது என்பதற்கான அடையாளம்.

நான்காம் படி: மேலாளரிடம் போங்கள், ஆனால் குறையோடு அல்ல, ஒரு கோரிக்கையோடு

சிறிய அலுவலகத்தில் தெளிவின்மையை நீக்கும் அதிகாரம் பெரும்பாலும் உங்களிடம் இருக்காது. அந்த முடிவை எடுத்தவரிடம்தான் இருக்கும். நீங்களே ‘தணிக்கையாளர் சொன்னதால்தான் சாவி மாறியது’ என்று சொன்னால் அது உங்கள் தற்காப்பு. மேலாளர் சொன்னால் அது அலுவலகச் செய்தி.

அந்தப் பெண் ஊழியர் முதல் முறை போனபோது, ‘சார், எல்லாரும் என்னைப் பத்தித் தப்பாப் பேசறாங்க’ என்று தொடங்கி அழுதுவிட்டார். மேலாளர் நல்லவர்தான். ஆனாலும், ‘அதையெல்லாம் கண்டுக்காதீங்கம்மா, உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?’ என்று ஆறுதல் சொல்லி அனுப்பிவிட்டார். பெரும்பாலான மேலாளர்கள் இப்படித்தான் செய்வார்கள், ஏனென்றால் ‘பேசுகிறார்கள்’ என்ற குறையை வைத்துக்கொண்டு அவர்களால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. திங்கட்கிழமை அவர் மறுபடியும் போனார். இம்முறை யார் பெயரையும் சொல்லாமல், ஏறத்தாழ இப்படிப் பேசினார்: ‘சார், சாவி மாறினதுக்குக் காரணம் யாருக்கும் சொல்லப்படலை. அதனால கணக்கு இடிக்குதுன்னு ஒரு பேச்சு ஓடுது. ரசீது கொண்டுவர்றவங்க என்கிட்ட நடந்துக்கற விதமே மாறிடுச்சு. புது நடைமுறை என்ன, ஏன் வந்ததுன்னு நாளைக்கு நடக்கற வாரக் கூட்டத்துல நீங்க ரெண்டு வரி சொல்லணும். சாவி கைமாறின அன்னிக்கு எண்ணின தொகை சரியா இருந்ததுங்கறதையும் சேர்த்துச் சொல்லணும். அந்தச் சீட்டு பெட்டிக்குள்ளேயே இருக்கு.’

இதில் காரணம், விளைவு, கோரிக்கை, நாள், சான்று என்ற ஐந்தும் இருந்தன. மேலாளர் செய்ய வேண்டியது இரண்டு நிமிட வேலையாகச் சுருங்கியது. அந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். சாவியை ஒப்படைத்தபோது இருவரும் சேர்ந்து பணத்தை எண்ணி, கையிருப்பும் கணக்கும் ஒத்துப்போவதாக எழுதி, இருவரும் கையெழுத்திட்டிருந்தார்கள். அது மட்டும் இல்லாமல் போயிருந்தால் இந்த விவகாரம் இவ்வளவு எளிதில் முடிந்திருக்காது. பணம், சாவி, கடவுச்சொல், சரக்கு என எதை நீங்கள் கைமாற்றினாலும் அன்றைய இருப்பை எழுதி இருவரும் கையெழுத்திட்டு ஒரு படியை வைத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே கைமாறிவிட்டது, சீட்டு இல்லை என்றால், இப்போதாவது மூன்றாமவர் ஒருவர் முன்னிலையில் சரிபார்க்கும்படி நீங்களே எழுத்தில் கேளுங்கள்.

ஐந்தாம் படி: மறுப்பு வேண்டாம், காரணம் வேண்டும்

கூட்டத்தில் என்ன சொல்லப்பட வேண்டும் என்பதை மேலாளரிடம் விட்டுவிடாமல் நீங்களே வரைந்து கொடுப்பது நல்லது, ஏனெனில் நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் மறுப்புகூடத் தீங்கு செய்யும். டேனியல் வெக்னரும் அவருடைய குழுவினரும் 1981-இல் செய்தித் தலைப்புகளை வைத்துச் சோதித்தபோது, ஒருவரைத் தவறோடு இணைத்துக் கேள்வியாக மட்டுமே எழுதப்பட்ட தலைப்பும் அவரைப் பற்றிய எண்ணத்தைக் கெடுத்தது. தவறு செய்யவில்லை என்று மறுத்த தலைப்புகூட ஓரளவு கறையை விட்டுச் சென்றது. ‘இவர் பணத்தை எடுக்கவில்லை’ என்று மேலாளர் பன்னிரண்டு பேர் முன் சொன்னால், அதுவரை கேள்விப்படாத ஒருவரும் அன்று கேள்விப்பட்டுவிடுவார்.

மறுப்பைவிட மாற்றுக் காரணம் வலுவானது. ஹோலின் ஜான்சன், கோலீன் சைஃபர்ட் இருவரும் 1994-இல் நடத்திய ஆய்வில், ஒரு கிடங்குத் தீ விபத்தைப் பற்றிப் படித்தவர்களிடம், அங்கே எளிதில் தீப்பற்றும் பொருள்கள் இருந்ததாக முதலில் சொல்லிவிட்டு, பிறகு அது தவறான தகவல் என்று திருத்தினார்கள். திருத்தத்தைப் படித்து நினைவில் வைத்திருந்தவர்களும் தீக்கு அந்தப் பொருள்களையே காரணமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். தீ ஏற்பட்டதற்கு வேறொரு காரணத்தைத் தந்த பிறகுதான் பழைய காரணத்தின் பிடி தளர்ந்தது. மனம் தன் கதையில் ஓட்டையை விட்டுவைக்க விரும்புவதில்லை. பழையதை எடுத்தால் அந்த இடத்தில் வேறொன்றை வைக்க வேண்டும்.

எங்கள் கூட்டத்தில் மேலாளர் படித்தது இவ்வளவுதான்: ‘தணிக்கையாளரின் பரிந்துரைப்படி, இந்த மாதத்திலிருந்து பணம் கொடுப்பதையும் கணக்கு எழுதுவதையும் வெவ்வேறு இருவர் பார்த்துக்கொள்வார்கள். கணக்கு எழுதும் பொறுப்பு பழையபடி இவரிடமே இருக்கும். பொறுப்பு மாறிய அன்று கையிருப்பை எண்ணிப் பார்த்ததில் எல்லாம் சரியாக இருந்தது. அடுத்த மாதம் கொள்முதலிலும் இதே பிரிவினை வருகிறது.’ வதந்தி என்ற சொல்லும், திருட்டு என்ற சொல்லும் அதில் இல்லை. கடைசி வரி நான் சேர்க்கச் சொன்னது. அடுத்து மாறப்போவது வேறொருவரின் பொறுப்பும்தான் என்று தெரிந்த உடன், மாற்றம் என்பது தண்டனை என்ற எண்ணம் அங்கேயே உடைந்தது. ஆனால் இப்படி ஒரு வரி உண்மையாக இருந்தால் மட்டுமே சொல்லப்பட வேண்டும்.

மூடிய கதவைப் பற்றி அவர் எதையும் சொல்ல விரும்பவில்லை. அது அவருடைய குடும்ப விஷயம், சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. ‘வீட்டில் ஒரு மருத்துவத் தேவைக்காக விடுப்புக் கேட்டிருந்தேன்’ என்ற ஒரு வரியை மட்டும் இரண்டு பேரிடம் சாதாரணமாகச் சொல்லி வைத்தார். அந்த அளவு போதுமானதாக இருந்தது.

ஆறாம் படி: பேச்சைப் பரப்பியவரிடம் தனியாக ஒரு முறை

கூட்டம் முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து, வதந்தியை அதிகம் எடுத்துச் சென்றவர் யார் என்பது உங்களுக்கு ஐயமின்றித் தெரிந்தால் மட்டும், அவரிடம் தனியாக, ஐந்து நிமிடத்துக்கு மேற்படாமல் பேசலாம். இது யார் சொல்லி உங்களுக்குத் தெரிந்தது என்பதை வெளியிடாதீர்கள். உங்களிடம் உண்மையைச் சொன்னவரைக் காட்டிக்கொடுத்தால் அடுத்த முறை யாரும் உங்களிடம் வர மாட்டார்கள். ‘நீங்கள் பரப்பினீர்கள்’ என்றும் தொடங்க வேண்டாம். அந்தப் பெண் ஊழியர் பேசியது இது: ‘அக்கா, சாவி விஷயத்துல கணக்கு இடிக்குதுன்னு ஒரு பேச்சு ஓடினது உங்க காதுக்கும் வந்திருக்கும். கூட்டத்துல சார் சொன்னதுதான் நடந்தது. இனிமே என் வேலையில ஏதாவது சந்தேகம் வந்தா என்கிட்டயே கேளுங்க, புத்தகத்தை எடுத்துக் காட்டறேன்.’ அந்த அம்மா சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘நான் கேட்டதைத்தான் சொன்னேன்’ என்றார். மன்னிப்பு வரவில்லை. மன்னிப்பை எதிர்பார்த்து இந்தப் பேச்சுக்குப் போகக் கூடாது. அடுத்த முறை பேசுவதற்கு முன் அவரை யோசிக்கவைப்பது மட்டுமே இதன் நோக்கம், அது நிறைவேறியது.

அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இதைப் பற்றி எதையும் எழுதாதீர்கள். ‘சிலர் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள்’ என்று பொத்தாம்பொதுவாக ஒரு வரி போட்டால் பன்னிரண்டு பேரும் தம்மைத்தான் சொல்கிறீர்களோ என்று நினைப்பார்கள். அந்தப் பதிவு படமெடுக்கப்பட்டு, வேறு குழுக்களில் சுற்றும். அதே போல், பரப்பியவரின் பழைய தவறுகளை மற்றவர்களிடம் எடுத்துச் சொல்லத் தொடங்காதீர்கள். ஒருவர் பிறரைப் பற்றிச் சொல்லும் குணத்தைக் கேட்பவர்கள் சொல்பவர் மீதே ஏற்றிப் பார்ப்பார்கள்.

அடங்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது

மூன்று முதல் ஆறு வாரம் பொறுத்திருங்கள். ‘இன்னும் பேசுகிறார்களா?’ என்று யாரையும் கேட்காதீர்கள், அந்தக் கேள்வியே பேச்சைப் புதுப்பிக்கும். பேச்சைவிட நடத்தையைக் கவனிப்பது நம்பகமானது: நீங்கள் அறைக்குள் நுழையும்போது உரையாடல் நிற்கிறதா, வேலை சார்ந்த கேள்விகள் நேராக உங்களிடம் வருகின்றனவா, உங்களைச் சுற்றிக்கொண்டு வேறொருவரிடம் போகின்றனவா என்று குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை குறித்தால் போதும். ஆறு வாரத்துக்குப் பிறகும் வேலை உங்களிடமிருந்து விலகிப் போய்க்கொண்டிருந்தால், அல்லது அதே வதந்தி வாடிக்கையாளரையோ புதிதாகச் சேர்ந்தவரையோ எட்டினால், நாள், சொற்கள், விளைவு ஆகியவற்றோடு எழுத்துமூலம் முறையிடுங்கள். முதல் நாளிலிருந்து எழுதிவந்த குறிப்புகள் அப்போதுதான் கைகொடுக்கும்.

இந்த வரிசை பொருந்தாத இடங்கள்

பேசப்படுவது உண்மை என்றால் மேலே சொன்ன எதுவும் பயன்படாது. வேறு வேலை தேடுகிறீர்கள், அது கசிந்துவிட்டது என்றால், மேலாளர் மூன்றாமவர் வாயால் கேட்பதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். பொய்யாக மறுத்தால் பிறகு நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. தனிப்பட்ட வாழ்க்கையைப் பற்றிய உண்மையான செய்தி என்றால், ‘அது என் சொந்த விஷயம்’ என்ற ஒரே வரியை, கேட்கும் ஒவ்வொருவரிடமும் அதே சொற்களில் சொல்லுங்கள். ஆளுக்கு ஒரு விளக்கம் கொடுத்தால் அவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பதே புதிய பொழுதுபோக்காகிவிடும்.

பேச்சு பாலியல் சார்ந்ததாக இருந்தாலும், உங்கள் சமயத்தையோ பிறப்பையோ உடல்நிலையையோ இழிவுபடுத்துவதாக இருந்தாலும் அது வதந்தி என்ற எல்லையைத் தாண்டித் துன்புறுத்தல் ஆகிவிடுகிறது. அங்கே பரப்பியவரோடு தனியாகப் பேசிப் பார்க்க வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. முதல் நாளே எழுத்தில் முறையிடுங்கள், உங்கள் நாட்டின் தொழிலாளர் சட்டம் தரும் வெளிவழிகளையும் தெரிந்துகொள்ளுங்கள். பேச்சைத் தொடங்கியவர் உரிமையாளரோ மேலாளரோ என்றால் நான்காம் படி அடைபட்டுவிடும். அத்தகைய இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது உங்கள் வேலைக்கான எழுத்துச் சான்றுகளைச் சேர்த்துக்கொண்டு, வெளியே வேறு வாய்ப்பைப் பார்ப்பதுதான் என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் அலுவலகத்தில் அந்த மூத்த ஊழியர் நோட்டுகளை எண்ணுவதை மட்டும் கடைசிவரை விடவில்லை. இப்போது பணம் தருபவர் வேறு ஆள் என்றாலும் எண்ணுகிறார். மற்றவர்கள் ஐந்தாவது வாரத்திலேயே பழைய நிலைக்கு வந்துவிட்டார்கள். ஆறாவது வாரத்தில் ஒருவர் வேலையிலிருந்து விடைபெற்றபோது, பரிசு வாங்க எல்லோரிடமும் பணம் திரட்ட வேண்டியிருந்தது. யாரிடம் கொடுத்து வைப்பது என்று கேள்வி வந்ததும், ‘நான் கேட்டதைத்தான் சொன்னேன்’ என்ற அதே அம்மா உறையை எடுத்து அந்தப் பெண் ஊழியரின் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.